மார்ச் 31 அன்று கிடங்கில் தங்கிய லாபம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. திருப்பூரில் அதற்கு ஒரு பின்னலாடைக் கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனியின் பங்குகளில் 80 சதவீதம் ஆலையிடமும் மீதி 20 சதவீதம் வெளியார் சிலரிடமும் உள்ளன. ஆலையில் நூற்கும் முப்பதாம் நம்பர் பனியன் நூலில் பெரும்பகுதி வெளி வியாபாரிகளுக்குப் போகிறது. கொஞ்சம் இந்தத் துணை நிறுவனத்துக்குப் போகிறது. கொங்கு வட்டாரத்தில் இது போன்ற அமைப்பு புதிதல்ல. இங்கே நான் சொல்லும் ஆலை எந்தக் குறிப்பிட்ட ஆலையும் அல்ல. எண்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் இவற்றில் நடக்கும் கணக்கு, துணை நிறுவனம் வைத்திருக்கும் எல்லாக் கம்பெனிகளிலும் மார்ச் 31க்குப் பிறகு நடப்பதுதான்.

ஒரு கிலோ நூலை உற்பத்தி செய்ய ஆலைக்கு 200 ரூபாய் அடக்கம். திருப்பூர் கம்பெனிக்கு அதை 250 ரூபாய்க்கு விற்கிறது. வருடம் முழுவதும் நான்கு லட்சம் கிலோ அனுப்பியிருக்கிறது என்றால் விற்பனை 10 கோடி, அடக்கம் 8 கோடி, லாபம் 2 கோடி. ஆலையின் தனிக் கணக்கில் இது முழுக்க முழுக்கச் சரியான லாபம். பில் போட்டிருக்கிறார்கள், ஜிஎஸ்டி கட்டியிருக்கிறார்கள், சரக்கும் லாரி ஏறிப் போயிருக்கிறது. சட்டத்தின் பார்வையில் ஆலையும் பின்னலாடைக் கம்பெனியும் இரண்டு தனித்தனி நபர்கள்.

இரண்டையும் சேர்த்து ஒரே நிறுவனமாகப் பார்க்கும்போது கேள்வி வருகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 129ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், துணை நிறுவனம் வைத்திருக்கும் கம்பெனி தன் தனிக் கணக்கோடு ஒருங்கிணைந்த கணக்கையும் தயாரிக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்குத்தான் இந்தக் கட்டாயம் இருந்தது. ஒருங்கிணைந்த கணக்கு என்பது, தாயும் துணையும் சட்டப்படி தனித்தனி என்பதை மறந்துவிட்டு, மொத்தமும் ஒரே கம்பெனி என்று வைத்துக்கொண்டு எழுதும் கணக்கு. அப்படி வைத்துக்கொண்டால், கோவையிலிருந்து திருப்பூருக்கு நூல் போனது விற்பனையே அல்ல. ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குச் சரக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வேலை எளிது. ஆலையின் மொத்த விற்பனை 70 கோடி. அதில் 60 கோடி வெளியாருக்கு, 10 கோடி துணை நிறுவனத்துக்கு. துணை நிறுவனத்தின் ஆடை விற்பனை 40 கோடி, எல்லாம் வெளியாருக்கு. இரண்டையும் அப்படியே கூட்டினால் 110 கோடி வருகிறது. அதே 10 கோடி நூல் ஒரு முறை நூலாகவும், இன்னொரு முறை பனியனுக்குள் புகுந்தும் எண்ணப்பட்டிருக்கிறது. ஆகவே ஒருங்கிணைந்த கணக்கில் விற்பனையிலிருந்து 10 கோடியை எடுக்கிறோம். துணை நிறுவனத்தின் கொள்முதலிலிருந்தும் அதே 10 கோடியை எடுக்கிறோம். ஆடிட்டர் அலுவலகங்களில் எலிமினேஷன் என்று சொல்வது இதைத்தான். விற்பனை 100 கோடி ஆகிறது. லாபத்தில் இதனால் ஒரு ரூபாய் கூட மாறாது. வரவும் செலவும் ஒரே அளவு குறைந்திருக்கின்றன.

பலர் இங்கேயே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அனுப்பிய நூல் எல்லாம் வருடம் முடிவதற்குள் ஆடையாகி, வெளியே விற்றுத் தீர்ந்திருந்தால் உண்மையில் முடிந்ததுதான். ஆலையின் 2 கோடி லாபமும் ஆடையை வாங்கிய வெளியார் கையிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் மார்ச் 31 அன்று திருப்பூர்க் கிடங்கில் எப்போதும் கொஞ்சம் சரக்கு இருக்கும். சிக்கல் அந்தச் சரக்கின் விலையில் இருக்கிறது.

கிடங்கில் 40,000 கிலோ நூல் பிரிக்காத பைகளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணை நிறுவனத்தின் புத்தகத்தில் அதன் மதிப்பு கிலோவுக்கு 250 வீதம் ஒரு கோடி ரூபாய். அது வாங்கிய விலை அதுதான், அதன் கணக்கில் தவறில்லை. ஆனால் குழுமம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் அந்த நூலின் அடக்கம் கிலோ 200 ரூபாய்தான். மீதி 50 ரூபாய், தாய் தன் துணையிடமே வாங்கிய லாபம். வெளியார் யாரும் அதைக் கொடுக்கவில்லை. ஒரு கோடி என்று காட்டியிருக்கும் சரக்கில் 20 லட்சம் இப்படிப்பட்டது. இதற்குத்தான் ஈடேறாத லாபம் என்று பெயர். ஒருங்கிணைந்த கணக்கில் இந்த 20 லட்சத்தைச் சரக்கிருப்பிலிருந்தும் கழிக்க வேண்டும், லாபத்திலிருந்தும் கழிக்க வேண்டும்.

இந்த 20 லட்சத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அடிக்கடி ஒரு பிசகு நடக்கிறது. விற்பனைத் துறையினர், "நாங்கள் அடக்கத்துக்கு மேல் 25 சதவீதம் வைத்து விற்கிறோம்" என்று சொல்வார்கள். அதைக் கேட்டு, கிடங்கில் இருக்கும் ஒரு கோடியில் 25 சதவீதம் என்று 25 லட்சத்தைக் கழித்துவிடுகிறார்கள். அந்த 25 சதவீதம் அடக்கத்தின் மேல். கிடங்கில் இருப்பதோ விற்ற விலையில் எழுதப்பட்ட சரக்கு. 125 ரூபாயில் 25 ரூபாய்தான் லாபம், அதாவது விற்ற விலையில் 20 சதவீதம். சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் கழிப்பு ஐந்து லட்சம் கூடிவிடும். ஆலை எல்லா நம்பர் நூலையும் ஒரே லாப விகிதத்தில் விற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டட் நூலில் ஒரு விகிதம், கோம்ப்டு நூலில் வேறொரு விகிதம். வருடச் சராசரியை எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டால், கிடங்கில் உண்மையில் எந்த நூல் தங்கியிருக்கிறது என்பதே கணக்கில் வராமல் போகும். கையிருப்பில் இருக்கும் நூல் எந்த மாதத்து பில்லில் வந்தது என்று பார்த்து, அந்த பில்லின் லாபத்தை எடுப்பதுதான் சரி. பருத்தி விலை ஏறி இறங்கும் வருடங்களில் ஜூன் மாத லாபமும் மார்ச் மாத லாபமும் வெகு தூரத்தில் இருக்கும்.

இதைவிடக் கடினமானது, இந்தத் துறையில் நான் அதிகம் அக்கறைப்படுவது, உருமாறிய சரக்கு. கிடங்கில் நூலாக இருக்கும் 40,000 கிலோவைக் கண்ணால் பார்க்கலாம், பையை எண்ணலாம். ஆனால் அதே மார்ச் 31 அன்று நிட்டிங்கில் ஓடிக்கொண்டிருக்கும் துணி, சாயப் பட்டறைக்குப் போயிருக்கும் துணி, வெட்டி அடுக்கிய பீஸ்கள், பெட்டியில் போட்டு ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் டிஷர்ட்டுகள், இவை எல்லாவற்றுக்குள்ளும் அந்த 50 ரூபாய் லாபம் ஒளிந்திருக்கிறது. துணை நிறுவனத்தின் கணக்கில் இவை "நடப்பு வேலை", "முடிந்த சரக்கு" என்ற தலைப்புகளில் இருக்கும். நூல் என்ற சொல்லே அங்கே இருக்காது. எலிமினேஷன் செய்பவர் சரக்குப் பட்டியலில் "நூல்" என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போனால், லாபத்தின் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும்.

நம் கணக்கில், துணியாகவும் ஆடையாகவும் இருக்கும் சரக்கைச் செய்ய 20,000 கிலோ நூல் செலவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு நுட்பம். ஆடைகளைத் தராசில் வைத்தால் 20,000 கிலோ வராது. நிட்டிங்கில் கொஞ்சம் போகும், சாயத்தில் கொஞ்சம் போகும், வெட்டும்போது பெரிய அளவில் கட்டிங் வேஸ்ட் விழும். எடை 17,000 கிலோதான் நிற்கிறது என்று வையுங்கள். அப்போது லாபத்தை 17,000 கிலோவுக்குக் கழிப்பதா, 20,000 கிலோவுக்கா? வழக்கமாக ஏற்படும் கழிவின் விலையும் ஆடையின் அடக்கத்தில்தான் சேர்கிறது. ஆகவே உள்ளே சென்ற நூலைத்தான் பார்க்க வேண்டும்: 20,000 கிலோ, கிலோவுக்கு 50, ஆகப் பத்து லட்சம். கட்டிங் வேஸ்டை விற்று வந்த காசை அடக்கத்திலிருந்து கழித்திருந்தாலும், நூலுக்குள் இருந்த லாபத்தின் அளவு மாறாது. நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல் கூலி இவற்றையெல்லாம் தொடக் கூடாது. அவை வெளியாருக்கும் தொழிலாளர்களுக்கும் உண்மையில் கொடுத்த பணம். ஆடையின் முழு மதிப்பில் 20 சதவீதத்தைக் கழிப்பவர்களும் உண்டு. அது இந்தக் கூலிகளிலும் லாபம் இருக்கிறது என்று சொல்வதாகும்.

இதைத் துல்லியமாகச் செய்ய ஒரே வழி, ஒவ்வொரு ரக ஆடைக்கும் எவ்வளவு நூல் பிடிக்கும் என்ற கணக்கைத் துணை நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவிலிருந்து வாங்குவது. மெர்ச்சண்டைசர்கள் ஆர்டர் எடுக்கும்போதே இதைப் போட்டு வைத்திருப்பார்கள். கணக்குப் பிரிவு அதை மார்ச் 31க்குப் பிறகு கேட்டுப் பெறுவதில்லை என்பதுதான் குறை.

ஆக, நூலில் 20 லட்சம், உருமாறிய சரக்கில் 10 லட்சம், மொத்தம் 30 லட்சம். ஆலையின் தனி லாபம் 8 கோடி, துணை நிறுவனத்தின் லாபம் 3 கோடி என்றால், கூட்டல் 11 கோடி. ஒருங்கிணைந்த லாபம், வரியைப் பார்ப்பதற்கு முன், 10 கோடியே 70 லட்சம். இன்னொரு பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். நான்கு லட்சம் கிலோவில் 60,000 கிலோ கையில் இருக்கிறது, 3,40,000 கிலோ ஆடையாகி வெளியே போய்விட்டது. கிலோவுக்கு 50 வீதம் 1 கோடியே 70 லட்சம் உண்மையில் ஈடேறிய லாபம். ஆலை காட்டிய 2 கோடியில் 30 லட்சம் குறைத்தால் அதே தொகை வருகிறது. இந்த இரண்டு வழிகளும் ஒத்து வராவிட்டால், எங்கேயோ நூல் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

பெரும்பாலும் விட்டுப்போவது லாரியில் இருக்கும் சரக்கு. மார்ச் 31 மாலை ஆலையிலிருந்து 4,000 கிலோ நூல் கிளம்புகிறது. ஆலை அன்றே பில் போட்டு விற்பனையில் சேர்த்துவிட்டது. திருப்பூரில் லாரி ஏப்ரல் 1 காலை இறங்குகிறது. துணை நிறுவனம் புது வருடக் கொள்முதலில் எழுதுகிறது. ஆலையின் புத்தகத்தில் 10 கோடி விற்பனை, துணையின் புத்தகத்தில் 9 கோடியே 90 லட்சம் கொள்முதல். ஆலை தனக்கு வர வேண்டியதாகக் காட்டும் பாக்கியும் துணை தான் தர வேண்டியதாகக் காட்டும் பாக்கியும் இடிக்கும். முதலில் இந்தப் பத்து லட்சத்தைத் துணையின் கொள்முதலிலும் சரக்கிலும் சேர்த்து, பிறகுதான் எலிமினேஷன் செய்ய வேண்டும். சேர்த்த சரக்கிலும் இரண்டு லட்சம் ஈடேறாத லாபம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன 40,000 கிலோவில் இந்த லாரிச் சரக்கும் அடங்கும்.

பாக்கி இடிப்பதற்கு இன்னொரு வழக்கமான காரணம் டெபிட் நோட். நூலில் பாலிப்ரொப்பிலீன் இழை கலந்திருக்கிறது, சாயம் பிடிக்கவில்லை என்று துணை நிறுவனம் விலையில் கழித்து டெபிட் நோட் அனுப்பியிருக்கும். ஆலையில் அதை யாரும் ஏற்றுக்கொண்டு எழுதியிருக்க மாட்டார்கள். வெளியாருடன் இப்படி ஒரு தகராறு வந்தால் இரண்டு பக்கமும் துரத்தித் தீர்ப்பார்கள். குடும்பத்துக்குள் என்பதால் மாதக்கணக்கில் கிடக்கும். ஒருங்கிணைக்கும்போது வித்தியாசத்தை ஏதோ ஒரு சில்லறைத் தலைப்பில் போட்டு மூடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. டெபிட் நோட்டை ஏற்றால் நூலின் விற்ற விலையே குறைகிறது. அப்போது சரக்கில் இருக்கும் லாபமும் குறையும். இரண்டும் ஒரே நூல்கண்டின் இரு முனைகள்.

அடுத்த வருடத்தில்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது. காரணம், எலிமினேஷன் பதிவுகள் எதுவும் ஆலையின் புத்தகத்திலோ துணையின் புத்தகத்திலோ ஏறுவதில்லை. அவை ஒருங்கிணைக்கும் தாளில் மட்டும் வாழ்கின்றன. ஆலையின் சேர்த்து வைத்த லாபத்தில் அந்த 30 லட்சம் பழையபடி நிற்கிறது. துணையின் ஆரம்பச் சரக்கும் பழைய விலையிலேயே தொடங்குகிறது. ஆகவே இரண்டாம் வருடத் தாளில் முதலில் தொடக்க நிலை லாபத்திலிருந்து 30 லட்சத்தைக் கழித்து, ஆரம்பச் சரக்கையும் அதே அளவு குறைக்க வேண்டும். அந்தச் சரக்கு இந்த வருடம் வெளியே விற்றுப் போயிருக்கும்; ஆரம்பச் சரக்கு குறைந்ததால் இந்த வருட லாபம் 30 லட்சம் கூடும். போன வருடம் தள்ளி வைத்த லாபம் இந்த வருடம் வந்து சேர்கிறது. இரண்டாம் வருட இறுதியில் சரக்கில் 42 லட்சம் ஈடேறாத லாபம் இருந்தால், அந்த வருட லாபத்தில் நிகரமாகக் குறைவது 12 லட்சம்தான். ஆனால் சரக்கிருப்பில் குறைவது முழு 42 லட்சம். பழைய 30ஐ மறந்துவிட்டு லாபத்தில் 42 லட்சத்தைக் கழித்தால், ஒரே லாபத்தை இரண்டு முறை தண்டித்ததாகும்.

விற்கும் திசை மாறினால் யார் தலையில் இந்தக் கழிப்பு விழுகிறது என்பதும் மாறுகிறது. நம் உதாரணத்தில் தாய் விற்றது, துணை வாங்கியது. லாபம் ஆலையின் புத்தகத்தில் இருந்தது; 30 லட்சமும் ஆலையின் பங்குதாரர்களுக்குரிய பங்கில் குறையும். இதுவே நூற்பாலை துணை நிறுவனமாகவும் பின்னலாடைக் கம்பெனி தாயாகவும் இருந்திருந்தால், லாபம் காட்டியது துணை. அந்த லாபத்தில் 20 சதவீதம் வெளிப் பங்குதாரர்களுக்கு உரியது. அப்போதும் சரக்கிலிருந்து கழிப்பது முழு 30 லட்சமே. தாய்க்கு 80 சதவீதம்தானே என்று 24 லட்சத்தை மட்டும் கழிப்பது தவறு. முழுவதும் கழித்த பிறகு, நடைமுறையில் அந்தச் சுமையை 24 லட்சம் தாயின் பங்குதாரர்களுக்கும் 6 லட்சம் வெளிப் பங்குதாரர்களுக்கும் பிரிக்கிறார்கள்.

இன்னொரு பொறி, ஆர்டர் ரத்தாகித் தேங்கிய ஆடைகளில் இருக்கிறது. ஆடையும் துணியுமாக இருந்த சரக்கின் மதிப்பு துணையின் புத்தகத்தில் 80 லட்சம், அதில் 10 லட்சம் உள்லாபம் என்றோம். இந்தச் சரக்கை இனி 76 லட்சத்துக்குத்தான் விற்க முடியும் என்று துணை நிறுவனமே 4 லட்சத்தைக் குறைத்து எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுமத்தின் உண்மையான அடக்கம் 70 லட்சம். 76க்கு விற்கக்கூடிய சரக்கை 70க்கு மேல் எழுத முடியாது, அதற்குக் கீழேயும் இறக்கத் தேவையில்லை. துணை ஏற்கெனவே நான்கைக் குறைத்துவிட்டதால் ஒருங்கிணைக்கும்போது கழிக்க வேண்டியது ஆறு மட்டும். பத்தையும் கழித்தால் சரக்கு 66 லட்சமாகி, இல்லாத நஷ்டம் ஒன்று கணக்கில் உருவாகிவிடும். எலிமினேஷனுக்கு முன் துணை நிறுவனத்தின் சரக்கு மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்காதவர்கள் இதில் விழுகிறார்கள்.

வரியை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். ஆலை அந்த 30 லட்சத்துக்கும் வருமான வரி கட்டிவிட்டது. குழுமத்தின் கணக்கிலோ அது இன்னும் லாபமே இல்லை. இண்ட் ஏஎஸ் விதிகளின் கீழ் வரும் பெரிய கம்பெனிகள், வாங்கியவரின் வரி விகிதத்தில், முன்கூட்டிக் கட்டிய வரியாக இதைச் சொத்துப் பக்கம் காட்டுகின்றன. 22 சதவீத வரி, பத்து சதவீத சர்சார்ஜ், நான்கு சதவீத செஸ் சேர்த்தால் 25.168 சதவீதம், 30 லட்சத்துக்குச் சுமார் ஏழரை லட்சம். பழைய கணக்கு விதிகளில் தொடரும் சிறிய கம்பெனிகளில் இந்தப் பதிவு வராது.

இந்தக் கழிப்பின் பழமை ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. 1901இல் அமெரிக்காவில் உருவான யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கார்ப்பரேஷனுக்குச் சுரங்கம் ஒரு துணை நிறுவனம், ஏரிக் கப்பல்கள் ஒரு துணை நிறுவனம், உலைகளும் கம்பி ஆலைகளும் வேறு துணை நிறுவனங்கள். இரும்புத் தாது ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு லாபம் ஏறிக்கொண்டே போனது. அதனால் அதன் தொடக்க கால ஆண்டறிக்கைகளிலேயே, துணை நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று விற்று இன்னும் கையிருப்பில் தங்கியிருக்கும் சரக்கின் லாபத்தைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். நம் நூலின் கதையும் அதே வகைதான்: நூற்பாலை, நிட்டிங், சாயப் பட்டறை, ஆடை என்று நான்கும் நான்கு துணை நிறுவனங்களாக இருந்தால், ஒரு டிஷர்ட்டுக்குள் மூன்று அடுக்கு லாபம் இருக்கும். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே உரிக்க வேண்டும்.

இதையெல்லாம் பங்கு வாங்கும் சாதாரண முதலீட்டாளர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், தனிக் கணக்கின் லாபத்தை வெளியார் ஒருவர்கூட ஒரு பைசா கொடுக்காமலேயே உயர்த்த முடியும். மார்ச் மாதம் விற்பனை குறைவாக இருந்தால், கிடங்கில் இருக்கும் நூலைத் துணை நிறுவனத்துக்கு அனுப்பி பில் போட்டால் போதும். அது ஜோடிப்பு அல்ல, முறையான விற்பனைதான். இன்னொன்று: நம் நாட்டில் டிவிடெண்ட் தனிக் கணக்கின் லாபத்திலிருந்து கொடுக்கப்படுகிறது, ஒருங்கிணைந்த லாபத்திலிருந்து அல்ல. வெளியாரிடமிருந்து இன்னும் வராத லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்துவிட இதில் இடம் இருக்கிறது.

கம்பெனி ஆண்டறிக்கையைப் புரட்டுகிறவர்கள் மூன்று இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். தனிக் கணக்கின் குறிப்புகளில் தொடர்புடையோர் பரிவர்த்தனைகள் என்ற பட்டியலில் துணை நிறுவனத்துக்கு விற்றது எவ்வளவு, வருட இறுதியில் அதனிடமிருந்து வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று இருக்கும். இரண்டாவது, பிரிவுவாரிக் குறிப்பில் பிரிவுகளுக்கிடையிலான விற்பனை கழிக்கப்பட்டிருக்கும் வரி. மூன்றாவது, ஒருங்கிணைந்த ஐந்தொகையில் சரக்கிருப்பு. துணைக்கு விற்றது போன வருடத்தைவிடப் பாய்ந்து ஏறியிருக்கிறது, பாக்கியும் ஏறியிருக்கிறது, ஒருங்கிணைந்த சரக்கிருப்பும் ஏறியிருக்கிறது, ஆனால் ஒருங்கிணைந்த விற்பனை அப்படியே நிற்கிறது என்றால், சரக்கு வெளியே போகவில்லை. உள்ளுக்குள் இடம் மாறியிருக்கிறது. அப்போது தனிக் கணக்கின் லாபத்தைவிட ஒருங்கிணைந்த லாபம் எவ்வளவு மெதுவாக வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். துணை நிறுவனம் தன் அளவில் நஷ்டம் எதுவும் காட்டாமலிருந்தும் இந்த இடைவெளி விரிந்திருந்தால், கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மார்ச் 31 அன்று துணை நிறுவனத்தின் சரக்கிருப்பில், நூலாக எவ்வளவு, ஆடையாக எவ்வளவு நம்மிடமிருந்து வாங்கியது?